ஜெர்மனியில முதல் வாரம்

நம்ம நெல்லைப் பக்கமிருந்து படிக்கப் போற பிள்ளைகளே, இறங்குன உடனே வீட்டுக்காரர்கிட்ட "இவர் இங்க குடிவந்திருக்கார்"னு கையெழுத்துப் போட்ட தாளை வாங்குங்க. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அதை வச்சுத்தான் குடிவந்த 2 வாரத்துக்குள்ள விலாசப் பதிவு. பல வங்கிகள் அந்தப் பதிவுச் சான்றைக் கேக்கும். அங்க கணக்கு திறந்தாத்தான் விசாவுக்காக முடக்கக் கணக்குல, அதாவது பிளாக்டு அக்கவுண்ட்ல, நீங்க போட்டு வச்ச பணம் மாசாமாசம் வரும். அதுவரைக்குமான செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டுல பணம் வேணும்.

நம்ம பக்கம் பலருக்கு பாஸ்போர்ட்டுல குடும்பப்பெயர் காலியா இருக்கும். சிம், வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம் நாலுலயும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்க. மாறுனா காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புற தகவல் உங்க விண்ணப்பத்தோட சேராம, சேர்க்கை நின்னு போகலாம்.

ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுராதீங்க, நம்ம ஊர் வங்கி ஓடிபி அதுலதான் வரும். அறிமுக வாரத்தைத் தவற விடாதீங்க. பாடப் பதிவு எப்படின்னு பெரும்பாலும் அங்கதான் காட்டுவாங்க.