முன்னால் போகும் கலத்தைப் பிடிக்கப் பின்னோக்கி உந்துவது ஏன்: ஒரு தேர்வுக் கேள்வியின் அனுபவம்

விண்வெளிப் பொறியியல் மூன்றாம் ஆண்டில், சுற்றுப்பாதை இயக்கவியல் தாளில் ஒரு கேள்விக்கான மதிப்பெண்ணை நான் முழுவதுமாக இழந்தேன். 400 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் செல்லும் இலக்குக் கலம், அதே பாதையில் வரும் நம் கலத்துக்கு 100 கி.மீ. முன்னால் இருக்கிறது, ஒரே சுற்றில் அதை அடைய என்ன வேக மாற்றம் வேண்டும் என்பதுதான் கேள்வி. எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்தும், முன்னோக்கி உந்த வேண்டும் என்று எழுதிவிட்டேன். அந்தக் குறி ஒன்றே விடையைக் கெடுத்தது, ஏனெனில் அப்படி உந்தியிருந்தால் ஒரு சுற்றின் முடிவில் இடைவெளி 200 கி.மீ. ஆகியிருக்கும்.

இந்தத் தவறு மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1965 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் இருந்த விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் எரிந்து முடிந்த இரண்டாம் நிலையை நெருங்க, அதை நோக்கியே கலத்தைச் செலுத்திப் பார்த்தார். அது விலகிக்கொண்டே போயிற்று. ஏறத்தாழ பாதி எரிபொருள் தீர்ந்தபின் முயற்சி கைவிடப்பட்டது.

இப்படிப்பட்ட கணக்கை வேகத்தில் தொடங்காமல் நேரத்தில் தொடங்குவது நல்லது. அந்த உயரத்தில் வேகம் வினாடிக்கு 7.67 கி.மீ.; எனவே 100 கி.மீ. என்பது 13 வினாடி முன்னிலை. ஒரு சுற்றுக்கு 5,550 வினாடி ஆகிறது. நாம் அதே இடத்துக்கு 13 வினாடி முன்னதாகத் திரும்பிவந்தால் இலக்கு அங்கே இருக்கும். சுற்றுக்காலம் குறைய வேண்டுமானால் பாதை சிறியதாக வேண்டும், பாதை சிறியதாக ஆற்றல் குறைய வேண்டும், அதற்கு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இந்த வரிசையில் எழுதினால் குறி தானாகவே சரியாக வந்துவிடும். இடைவெளி d, சுற்றுக்காலம் T என்றால், சிறிய இடைவெளிகளுக்கு வேக மாற்றம் `Δv ≈ d/(3T)`, நம் கணக்கில் வினாடிக்கு 6 மீட்டர். பாதையின் மறுபுறம் 21 கி.மீ. தாழ்ந்து, ஒரு சுற்று முடிந்ததும் கலம் பழைய உயரத்துக்கே வந்து இலக்கைச் சந்திக்கிறது. அங்கே வினாடிக்கு அதே 6 மீட்டர் வேகத்தை முன்னோக்கி உந்தித் திரும்பப் பெற வேண்டும். இந்த இரண்டாம் உந்துதலை மறப்பவர்கள் பலர்.

வாய்மொழித் தேர்வில் இதையே திருப்பிக் கேட்டார்கள்: "வேகத்தைக் குறைத்த மறு நிமிடம் இடைவெளி குறையுமா, கூடுமா?" கூடும். நம் கணக்கில் முதல் பத்து, பதினோரு நிமிடங்களுக்கு நம் கலம் பின்தங்கி, மேலும் இரண்டரை கி.மீ. விலகுகிறது, தாழ்ந்த பாதையில் வேகம் கூடியபின் முன்னேறத் தொடங்கி, 19ஆவது நிமிடத்தில்தான் பழைய 100 கி.மீ. இடைவெளிக்கே வந்து சேர்கிறது. இதை அறியாதவர் அந்தப் பத்து நிமிடங்களில் பதறிப்போய் முன்னோக்கி உந்திவிடுவார்.

விடை கிடைத்தபின் பாதையின் தாழ்ந்த முனையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். இடைவெளி 1,500 கி.மீ. என்று வைத்து ஒரே சுற்றில் அடைய முயன்றால், அந்த முனை சுமார் 80 கி.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும், அங்கே வளிமண்டலம் கலத்தைச் சுற்றவிடாது. அதையே ஆறு சுற்றுகளாகப் பிரித்தால் சரிவு 50 கி.மீ. அளவில் நின்றுவிடும். பொறுமையாகத் துரத்துவது எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது.

இரு கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது கடைசி மீட்டர்களிலும் இப்படித்தான் பின்னோக்கி உந்துவார்களா என்று நானே குழம்பியதுண்டு. இல்லை, அங்கே இலக்கை நோக்கியே நகர்கிறார்கள், ஆனால் விலகலைத் திருத்திக்கொண்டே. பின்னாலிருந்து 15 மீட்டரை வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் கடக்கும் கலம், திருத்தாமல் விட்டால், ஏறத்தாழ இரண்டரை மீட்டர் மேலே நழுவிவிடும். இரு கலங்களை விண்வெளியில் இணைத்துப் பார்க்கும் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டபின், இரு கலங்களையும் 500 மீட்டரிலிருந்து 225 மீட்டருக்குக் கொண்டுவரும்போது எதிர்பார்த்ததைவிட நகர்வு அதிகமாக இருந்ததால் இணைப்பைத் தள்ளிவைத்தார்கள். பிறகு 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துப் பின்வாங்கி, 2025 ஜனவரி 16 அன்று 15 மீட்டரிலும் 3 மீட்டரிலும் நிறுத்தி நிறுத்தி இணைத்தார்கள். அந்த இணைப்புக் கருவி, கலங்கள் ஒன்றையொன்று தொடும் வேகம் வினாடிக்கு சுமார் 10 மில்லிமீட்டராக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது.