கடைசித் தட்டு எத்தனை மணிக்கு?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சமையலறைக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, ஆட்களுக்கு ஷிப்ட் போடுவது என் வேலை. காலை 6 மணிக்குப் பால், காபி. 7:30க்கு டிபன். 11க்கு சூப் அல்லது மோர். 12:30க்குச் சாப்பாடு, 4 மணிக்கு டீ, சுண்டல், 7 மணிக்கு இரவு உணவு, 9க்குப் பால். இந்த நேரங்களில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போட முடியாது. ஓட்டலில் தோசை பத்து நிமிஷம் தாமதமானால் சலித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வார்டில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத் தட்டுக்காகக் காத்திருப்பவருக்கு அந்தப் பத்து நிமிஷம் வேறு கணக்கு. சாதாரண ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு சுமார் அரை மணி முன்னால் போடுவார்கள். தட்டு அதைவிடத் தாமதமானால் சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும்.

அதனால் நான் ஷிப்ட் போடும்போது முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, கடைசித் தட்டு எத்தனை மணிக்குக் கட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். போர்டில் 7:30 என்று எழுதியிருக்கும். அது முதல் தள்ளுவண்டி கிளம்பும் நேரமாகவே எல்லோர் மனதிலும் பதிந்திருக்கும். எங்களிடம் சராசரியாக 160 தட்டுகள். ஒரு வண்டியில் 20 தட்டுகள். லிப்டுக்கு நின்று, பெயரையும் டயட் கார்டையும் சரிபார்த்து, ஒவ்வொரு கட்டிலாகக் கொடுத்து முடிக்க 25 நிமிஷம் ஆகிவிடும். வண்டி தள்ள 4 பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு நடை. 7:30க்குத் தொடங்கினால் கடைசித் தட்டு 8:30ஐ நெருங்கும். இரண்டாவது நடையில் வரும் வார்டுக்காரர்கள் தினமும் ஆறிய இட்லிதான் சாப்பிடுவார்கள்.

கடைசித் தட்டுக்கு 8:10 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி வந்தோம். இரண்டாவது நடை 7:45க்குக் கிளம்ப வேண்டும், முதல் நடை 7:15க்கு. மூன்று பேர் வரிசையாக நின்று தட்டு நிரப்பினால் நிமிஷத்துக்கு நாலு தட்டு நகரும், அப்படியென்றால் 6:55க்கு நிரப்பத் தொடங்க வேண்டும். அன்றைக்கு இட்லி 400க்கு மேல் தேவை. எங்கள் ஆவிப் பெட்டியில் நாலு ஈடு, ஈட்டுக்குக் கால் மணி நேரம். 5:45க்கு முதல் ஈடு ஏறினால்தான் சரிவரும். சாம்பார் பருப்பு 4:45க்கே அடுப்பில் இருக்க வேண்டும், 6 மணிப் பாலும் அதே சமயத்தில் காய வேண்டும். ஆக, சமையல்காரர் 4:30க்கு உள்ளே வந்தாக வேண்டும்.

4:30க்கு ஒருவர் வந்து சேர்வது லேசான காரியமில்லை. புறநகரிலிருந்து வரும் பெண்களுக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. எனவே அந்த நேரத்தில் ஆள் தேவையையே குறைத்தோம். பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு மாஸ்டர்கள் மட்டும் 4:30 முதல் 1 மணி வரை. சாம்பாருக்குக் காய் நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, பருப்பை அளந்து வைப்பது எல்லாம் முந்தைய நாள் மாலையிலேயே முடிந்து குளிர்பெட்டிக்குள் போய்விடும். தேங்காய்ச் சட்னி மட்டும் காலையில்தான் அரைக்க வேண்டும், அதை முன்கூட்டி அரைத்து வைக்கக் கூடாது.

மாவும் நம் ஷிப்டைத் தீர்மானிக்கிறது. சித்திரை வெயிலில் மாலை 5 மணிக்கு அரைத்தாலே விடிவதற்குள் பொங்கிவிடும், 3 மணிக்கு அரைத்தால் புளித்துப்போகும். மார்கழியில் மதியம் 2:30க்கே அரைத்தாக வேண்டும். கிரைண்டரில் நிற்பவரின் வேலை நேரம் பருவத்துக்குத் தகுந்தபடி மாற வேண்டும் என்பதை எந்த அட்டவணையும் தானாகச் சொல்லாது.

நான் வருவதற்கு முன்பு அங்கே பிரேக் ஷிப்ட் நடைமுறையில் இருந்தது. காலை 6 முதல் 10 வரை வேலை, அப்புறம் மாலை 5 முதல் 9 வரை. காகிதத்தில் எட்டு மணி நேரம்தான். கூட்டமான நேரத்தில் ஆள், சும்மா இருக்கும் நேரத்தில் செலவில்லை என்று நிர்வாகத்துக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஆட்கள் சில மாதங்களில் நின்றுவிடுவார்கள். திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் காரணம் கேட்டேன். "மேடம், இடையில வீட்டுக்குப் போனா பஸ்ஸுக்கே சரியாப் போகுது. போகலைன்னா ஸ்டோர்ல அரிசி மூட்டை மேலதான் உக்காந்திருக்கணும். நாள் முழுக்க இங்கதான், சம்பளம் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவருடைய 15 மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிரேக் ஷிப்டை எடுத்துவிட்டு, தட்டு நிரப்பவும் வண்டி தள்ளவும் இரண்டு அணிகள் போட்டோம். முதல் அணி 6 முதல் 2:30 வரை, இரண்டாவது 12 முதல் 8:30 வரை, இரண்டிலும் நடுவில் அரை மணி சாப்பாட்டு நேரம். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வேலை அதிகம்: சாதம், சாம்பார், ரசம், கூட்டு, உப்பில்லாதது, சர்க்கரைக்காரர்களுக்கு அளந்தது, குழைய வேக வைத்தது என்று ஒவ்வொரு தட்டும் ஒரு விதம். அந்த நேரத்தில் இரு அணிகளும் இருப்பதால் 8 பேர் 8 வண்டி, ஒரே நடையில் முடிந்துவிடும். 2:30க்கு மேல் இரண்டாவது அணிக்குக் கிடைக்கும் இடைவெளியில்தான் மறுநாள் காய்களும் மாவும். நிர்வாகம் வீண் என்று நினைத்த மதிய நேரம்தான் காலை 4:30க்கு ஆள் குறைய வழி செய்தது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது 9 மணிப் பால். இரவு உணவு 7 மணிக்கு முடிந்தால் மறுநாள் டிபன் வரை கிட்டத்தட்ட 12 மணி நேர இடைவெளி. இரவில் இன்சுலின் எடுப்பவர்கள் பலருக்கும் படுக்கும் முன் கொஞ்சம் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கச் சொல்லி டயட்டீஷியன் எழுதியிருப்பார். பழைய பிரேக் ஷிப்டில் வேலை 9க்கு முடிகிறது, பஸ் பிடிக்க வேண்டும் என்றால் பால் எப்போது போகும்? இரவு உணவுத் தட்டோடு சேர்ந்தே போய்விடும். ஒரு நாள் 8:30க்கு வார்டைச் சுற்றினேன். கட்டிலோரப் பலகைகளில் டம்ளர்கள் வரிசையாக மூடியிருந்தன, திறந்தால் ஆடை கட்டி ஆறிப்போன பால். பதிவேட்டில் மட்டும் 9:00 என்று எழுதியிருந்தது. பால் நேரத்தில் கொடுக்கப்படுகிறதா என்று தெரிய பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம், ஆடையைப் பார்த்தால் போதும். திட்டியும் பயனில்லை, வீடு போய்ச் சேர வேண்டிய கவலை அவர்களுக்கு. அருகில் குடியிருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் 1 மணி முதல் 9:30 வரை என்று தனி நேரம் கொடுத்தோம். 9க்குப் பால், 9:20க்குக் காலி டம்ளர். இரவில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி பிளாஸ்கில் வைத்துவிட்டுப் போவதும் அவர்கள்தான்.

சரி, இத்தனைக்கும் எத்தனை பேர் வேண்டும்? காலை அணியில் தினமும் 7 பேர் நிற்க வேண்டும் என்றால் 7 பேரை எடுத்தால் போதாது. ஒருவருக்கு வருஷத்தில் வார விடுமுறை 52, மற்ற விடுப்புகள் ஏறக்குறைய 30. ஆக அவர் வருவது 283 நாள், சமையலறை நடப்பது 365 நாள். 365ஐ 283ஆல் வகுத்தால் 1.29. ஏழு இடத்துக்கு 9 பேர். இந்தக் கணக்கைக் காட்டாமல் கேட்டபோதெல்லாம் "ஏழு பேர் இருக்கிறார்களே" என்ற பதில்தான் வந்தது. அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் மீதிப் பேர் டபுள் ட்யூட்டி பார்ப்பார்கள், டபுள் ட்யூட்டி பார்த்தவர் மறுநாள் தட்டு மாற்றி வைப்பார். உப்பில்லாத தட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது அப்படித்தான்.

பொங்கல், தீபாவளி வாரத்துக்கு மட்டும் இந்த 9ம் எட்டாது. எல்லோருக்கும் ஊர் இருக்கிறது. அந்த நாட்களில் ஷிப்டைத் திருத்துவதைவிட மெனுவைத் திருத்துவேன். இட்லிக்குப் பதில் ரவை உப்புமா, சர்க்கரைக்காரர்களுக்குக் கோதுமை ரவை உப்புமா. மாவு அரைக்க வேண்டாம், நாலு ஈடு வைக்க வேண்டாம், ஒரே மாஸ்டர் 5:15க்கு வந்தாலும் கடைசித் தட்டு 8:10க்குப் போய்விடும்.