நாற்பது விழுக்காடு என்ற எண் எதை அளக்கிறது? ஒரு விசாரணைக் குழுவில் இருந்தபோது அறிந்தவை

வடசென்னையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினிப் பயன்பாட்டுத் துறையில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் அளித்த திட்டக் கட்டுரையைப் பற்றி எங்கள் கல்லூரியில் விசாரணை நடந்தபோது, கருவி தந்த அறிக்கையைப் படித்துச் சொல்லக்கூடியவர் என்ற முறையில் என்னையும் குழுவில் சேர்த்தார்கள். கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்தை நம்பி வாழும் மீனவர்களின் வருவாய் எப்படிக் குறைந்தது என்பதே அதன் பொருள். காசிமேட்டில் வளர்ந்த அந்த மாணவி, காட்டுக்குப்பத்துக்குப் பலமுறை சென்று மீனவர்களிடமும், ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்களிடமும் பேசி அதை எழுதியிருந்தார்.

கல்லூரி பயன்படுத்தும் மென்பொருள் இரண்டு அறிக்கைகளைத் தந்திருந்தது. முதலாவது, வேறு மூலங்களோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டும் ஒற்றுமை அறிக்கை. அதில் 6% என்று இருந்தது. இரண்டாவது, செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதா என்று கணிக்கும் அறிக்கை. அதில் 40% என்று இருந்தது. குழுவின் முன் வைக்கப்பட்ட குறிப்பில், "கட்டுரையில் நாற்பது விழுக்காடு நகல்" என்று எழுதப்பட்டிருந்தது. அதன் கீழேயே, கருத்துத் திருட்டைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளின் நிலைகளும் தரப்பட்டிருந்தன. 10% வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40% வரை முதல் நிலை, திருத்தி எழுதித் தர வேண்டும். 40%க்கு மேல் 60% வரை இரண்டாம் நிலை, ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையும் தர முடியாது. மாணவியின் எண் சரியாக இரண்டு நிலைகளின் எல்லையில் நின்றதால், அவர் எந்தப் பக்கம் விழுகிறார் என்பதே முதல் அமர்வின் விவாதமாக ஆகிவிட்டது.

அந்த அட்டவணையில் இந்த எண்ணை வைக்கவே முடியாது என்பதுதான் நான் முதலில் சொன்னது. விதிமுறைகள் பேசுவது ஒற்றுமையைப் பற்றி. ஒற்றுமை அறிக்கையில் ஒவ்வொரு வண்ணக் கோட்டுக்கும் எதிரே ஒரு மூலம் இருக்கும். இந்த வரி இந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது, இந்த இதழில் இருக்கிறது என்று திறந்து பார்த்து, மேற்கோளா திருட்டா என்று நாம் முடிவு செய்யலாம். கணிப்பு அறிக்கையில் அப்படி எந்த மூலமும் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தக் கருவி கட்டுரையை வேறு எந்த எழுத்தோடும் ஒப்பிடுவதில்லை. எழுத்தின் போக்கைப் பார்த்து, இது இயந்திரத்தின் நடையைப் போல் இருக்கிறது என்று ஊகிக்கிறது. எங்கிருந்து எடுத்தார் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லாதபோது, எவ்வளவு எடுத்தார் என்ற கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

துறைத்தலைவர் நேர்மையாகவே ஒரு கேள்வி கேட்டார்: "நகல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், மேடம். நூறு வரியில் நாற்பது வரி இயந்திரம் எழுதியது என்றாவது சொல்லலாம் அல்லவா?" அதுவும் இல்லை என்பதை விளக்கக் கட்டுரையை வரிவரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள், பட்டியல்களையும் அட்டவணைகளையும் நூற்பட்டியலையும் விட்டுவிட்டு, தொடர் உரைநடையை மட்டும் கணக்கில் எடுக்கிறது. இந்தக் கட்டுரையில் அப்படி எடுக்கப்பட்டவை 60 வாக்கியங்கள், இயந்திர நடை என்று ஊகித்துக் கருவி வண்ணமிட்டவை 24, ஆகவே 40%. அந்த 24 எங்கே இருந்தன என்று பார்த்தோம். முன்னுரையின் 10 வாக்கியங்களில் 9, நோக்கமும் ஆய்வு முறையும் கூறும் 9 வாக்கியங்களில் 8, முடிவுரையின் 8 வாக்கியங்களில் 6. மீனவர்களின் பேச்சைப் பதிவு செய்த நடுப்பகுதியில் 33 வாக்கியங்கள் இருந்தும், வண்ணம் விழுந்தது ஒன்றில் மட்டுமே.

இந்தப் பரவலுக்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் சொல்லை ஊகிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட நிரலான ஒரு மொழி மாதிரியிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று கணக்கிடலாம். ஊகம் பெரும்பாலும் பலித்தால், எழுத்து இயந்திரத்தின் போக்கில் இருப்பதாகக் கொள்வது பல கருவிகளின் அடிப்படை. "இந்த ஆய்வின் நோக்கம் இன்னது", "தரவுகள் நேர்காணல் வழியே திரட்டப்பட்டன" என்பன போன்ற ஆங்கில வாக்கியங்களை எழுத, எங்கள் கல்லூரியில் நாங்களே ஒரு மாதிரி வடிவத்தைத் தருகிறோம். அதைப் பின்பற்றும் எந்த மாணவரின் எழுத்தும் ஊகிக்க எளிதாகத்தான் இருக்கும். நடுப்பகுதியிலோ, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைக்கும் "பாடு" வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆற்றடியில் கால் புதைவது வருகிறது. கூடைக் கணக்கில் இறால் எடுத்தவர்கள் இப்போது பாத்திரக் கணக்கில் எடுப்பது வருகிறது. இலக்கணம் சற்றுத் தடுமாறும் ஆங்கிலத்தில் இவற்றையெல்லாம் எந்த மாதிரியாலும் எளிதில் ஊகிக்க முடியாது.

நடுப்பகுதியில் வண்ணம் விழுந்த அந்த ஒற்றை வாக்கியம் எனக்கு மிகவும் உதவியது. அது ஆய்வு முறைப் பகுதிக்கு அடுத்து வரும் முதல் வாக்கியம். இத்தகைய மென்பொருள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்து மதிப்பிடாமல், சில வாக்கியங்களை ஒன்றாகச் சேர்த்த துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று கவியும்படி எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் தந்து, அவற்றின் சராசரியை வாக்கியத்தின் மேல் ஏற்றுகிறது. ஆகவே ஒரு வாக்கியத்தின் வண்ணம் அதன் அண்டையில் இருப்பவற்றையும் பொறுத்தது. இதைக் குழுவுக்குக் காட்ட, ஒரு சொல்லையும் மாற்றாமல், ஆய்வு முறைப் பகுதியை மட்டும் இரண்டு நேர்காணல்களுக்கு நடுவே நகர்த்தி மீண்டும் கொடுத்தோம். வண்ணமிட்ட வாக்கியங்கள் 24இலிருந்து 20 ஆயின. எண் 33% ஆயிற்று. அடுத்து, மாணவி பின்னிணைப்பாக வைக்க நினைத்து விட்டுவிட்ட நேர்காணல் குறிப்புகளிலிருந்து 20 வாக்கியங்களை முதல் வடிவத்தின் இறுதியில் சேர்த்தோம். வண்ணமிட்டவை அதே 24தான். மொத்தம் 80 ஆனதால் எண் 30% ஆகிவிட்டது. மாணவி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட செயல் எதுவோ, அது இந்த மூன்று வடிவங்களிலும் ஒன்றுதான். எண் மட்டும் மாறுகிறது.

இதே எண் வேறொரு கருவியில் வேறொன்றைக் குறிக்கும் என்பதையும் சொன்னேன். சில கருவிகள் காட்டும் விழுக்காடு, கட்டுரையின் பங்கு அன்று. முழுக் கட்டுரையும் இயந்திரம் எழுதியதாக இருக்கும் வாய்ப்பு. அங்கே 40% என்றால், மனிதர் எழுதியிருக்கும் வாய்ப்பே கூடுதல் என்று பொருள்.

முந்தைய மாணவர்களின் திட்டக் கட்டுரைகளைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னவர் எங்கள் நூலகர். 2022 நவம்பரில்தான் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்கு முன் எழுதியவற்றில் அதன் கை இருக்க வழியில்லை. துறை அலமாரியிலிருந்து 2017ஆம் ஆண்டுக்குரிய மூன்று கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தோம். இரண்டில் குறிப்பிடத்தக்க எதையும் கருவி காட்டவில்லை. மூன்றாவதில் 31% என்று வந்தது. வண்ணம் விழுந்த இடங்கள் முன்னுரையும் ஆய்வு முறையும். மூன்று கட்டுரைகளைக் கொண்டு எந்த விகிதத்தையும் நிறுவ முடியாது என்பதை நானே குழுவில் சொன்னேன். ஆனால் எங்கள் மாணவர்கள் கையால் எழுதியதற்கும் இப்படி ஓர் எண் வரக்கூடும் என்பதற்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களிடம் இது கூடுதலாக நிகழ்கிறது என்பதற்கு வெளிச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் ஆங்கிலத் திறனை அளக்கும் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61% கட்டுரைகளை அந்தக் கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறித்தன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அத்தகைய பிழை மிகக் குறைவு. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டியபோது, தவறான குறிப்புகள் பெருமளவு குறைந்தன. இயந்திரத்தின் உதவியைப் பெற்ற பின் எண் இறங்குகிறது என்ற இந்தச் செய்திதான் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவரை மிகவும் யோசிக்க வைத்தது.

இவ்வளவும் பேசிய பிறகும், மாணவி உண்மையில் என்ன செய்தார் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதை எண்ணிடம் கேட்க முடியாது என்பதால் அவரிடமே கேட்டோம். களக் குறிப்பேட்டையும், இணையத்தில் தட்டச்சு செய்த கோப்பின் திருத்த வரலாற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். குறிப்பேட்டில் நேர்காணல்கள் தமிழில், பேசியவர்களின் சொற்களிலேயே இருந்தன. திருத்த வரலாற்றில் முன்னுரை பல நாட்களில், அடித்தும் திருத்தியும் வளர்ந்திருந்தது. மொத்தமாக ஒட்டப்பட்ட பெரும் பத்தி முன்னுரையிலோ ஆய்வு முறையிலோ முடிவுரையிலோ இல்லை. ஆய்வு முறைப் பகுதியில் இலக்கணப் பிழைகளை ஒரு திருத்தும் கருவியைக் கொண்டு சரிசெய்ததாக அவரே சொன்னார். வாய்மொழித் தேர்வில், வண்ணமிட்ட வாக்கியங்களைப் புத்தகம் பார்க்காமல் விளக்கினார்.

பிறகு, கேட்காமலேயே ஒன்றைச் சொன்னார். "மேடம், ஆத்துல சாம்பல் கலந்தது பத்தி ஒரு பத்தி இருக்கே, அது மட்டும் நான் எழுதினது இல்ல. சீனியர் அக்காவோட ப்ராஜெக்ட்ல இருந்து அப்படியே எடுத்தேன். பேர் போடணும்னு தெரியல." அச்சிட்ட அந்தப் பழைய அறிக்கையை எடுத்து ஒப்பிட்டோம். நடுப்பகுதியில் இருந்த ஐந்து வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. அவற்றில் ஒன்றின் மேலும் கணிப்புக் கருவியின் வண்ணம் இல்லை. அந்தப் பழைய அறிக்கை இணையத்தில் இல்லாததால் ஒற்றுமை அறிக்கையின் 6%இலும் அவை இல்லை. ஆக, நகல் என்று சொல்லத்தக்க ஐந்து வாக்கியங்கள் 40%க்கு வெளியே இருந்தன. 40%க்கு உள்ளே இருந்த 24 வாக்கியங்களில், எவரிடமிருந்தும் எடுத்தது என்று எங்களால் காட்டக்கூடியது ஒன்றுமில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேறொரு மாணவர் முழுக் கட்டுரையையும் இயந்திரத்திடம் எழுதி வாங்கியிருந்தால், கருவி உயர்ந்த எண்ணைக் காட்டியிருக்கக்கூடும். அந்த எண் விசாரிக்கத் தூண்டும் அடையாளமாகப் பயன்படலாம். கருவியை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதன் எண்ணைக் கொண்டு தண்டனையின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் நிலை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, சோதனையில் இயந்திர எழுத்தில் 26% மட்டுமே சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9% தவறாகக் குறித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள்.

குழு இறுதியில் எழுதிய தீர்மானம் சுருக்கமானது. பழைய அறிக்கையிலிருந்து எடுத்த பத்தியை மேற்கோளாக மாற்றி, மூலத்தைக் குறிப்பிட்டு மாணவி மீண்டும் கட்டுரையைத் தர வேண்டும். மதிப்பெண்ணில் வேறு குறைப்பு இல்லை. "நாற்பது விழுக்காடு நகல்" என்ற தொடரை அடித்துவிட்டு, "கணிப்புக் கருவி 60 வாக்கியங்களில் 24ஐக் குறித்தது; அவற்றுக்கு மூலம் எதுவும் காணப்படவில்லை" என்று கோப்பில் எழுதச் சொன்னேன். சிறிது தயக்கத்துக்குப் பின் அப்படியே எழுதி எல்லோரும் கையொப்பமிட்டார்கள்.