ஓஜைவ் வளைவில் இடைநிலையும் நூற்றுமானமும்: விடை எங்கே தடம் மாறுகிறது?

ஓஜைவ் எனும் குவிவு நிகழ்வெண் வளைவை வரையும் கணக்கில் வளைவு பார்க்க அழகாக இருக்கும், விடை மட்டும் ஐந்து மதிப்பெண் தள்ளிப் போயிருக்கும். கூட்டலில் பிழை இருக்காது, அளவுத்திட்டமும் சரியாக இருக்கும். புள்ளியை எந்த இடத்தில் வைத்தோம், எந்த அச்சிலிருந்து படிக்கத் தொடங்கினோம் என்ற இரண்டில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

80 மாணவர்கள் 100 மதிப்பெண்ணுக்கு எழுதிய தேர்வு என்று வைத்துக்கொள்வோம். கடைசி நிரல் குறைந்த மதிப்பெண் பிரிவிலிருந்து கூட்டிக்கொண்டே வந்த குவிவு நிகழ்வெண்.

| மதிப்பெண் | மாணவர்கள் | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|
| 11–20 | 2 | 2 |
| 21–30 | 5 | 7 |
| 31–40 | 9 | 16 |
| 41–50 | 14 | 30 |
| 51–60 | 20 | 50 |
| 61–70 | 15 | 65 |
| 71–80 | 9 | 74 |
| 81–90 | 4 | 78 |
| 91–100 | 2 | 80 |

புள்ளி வைக்கும் முன் பிரிவுகளைப் பாருங்கள். 20-இல் ஒன்று முடிகிறது, 21-இல் அடுத்தது தொடங்குகிறது. நடுவில் ஒரு மதிப்பெண் இடைவெளி. வளைவுக்குத் தொடர்ச்சி வேண்டும் என்பதால் அந்த இடைவெளியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, 10.5–20.5, 20.5–30.5 என்று எல்லைகளை மாற்றிக்கொள்கிறோம். வினாத்தாளில் 10–20, 20–30 என்றே கொடுத்திருந்தால் இந்த வேலை தேவையில்லை. பழக்கத்தில் அங்கேயும் 0.5 கழித்துவிடுபவர்கள் உண்டு.

இனி 30 என்ற எண்ணை எங்கே வைப்பது? 50.5-க்கு நேராக. 41–50 பிரிவில் உள்ள 14 பேரையும் சேர்த்தால்தான் 30 வருகிறது, அந்தப் பிரிவின் மேல் எல்லையைத் தாண்டும்வரை அத்தனை பேரும் கணக்கில் வரவில்லை. நிகழ்வெண் பலகோணம் வரைந்து பழகிய கை இங்கேயும் பிரிவின் நடுப்புள்ளிக்குப் போகும், அதாவது 45.5-க்கு. அப்படி வைத்தால் வளைவு முழுவதும் 5 மதிப்பெண் இடப்பக்கம் நகர்ந்துவிடும். வடிவம் கொஞ்சமும் மாறாது, அதனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தொடக்கப் புள்ளியையும் விட்டுவிடாதீர்கள்: 10.5-க்குக் கீழே யாருமில்லை, ஆகவே (10.5, 0) என்பதும் ஒரு புள்ளி. அது இல்லாவிட்டால் வளைவு அந்தரத்தில் தொங்கும், அடிப்பகுதியைப் படிக்கவே முடியாது.

அளவுத்திட்டத்துக்கு, கிடை அச்சில் 1 செ.மீ. = 10 மதிப்பெண், செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 5 மாணவர்கள் என்று எடுத்தால் வசதி. உயரம் 16 செ.மீ. வரும், தாளில் அடங்கும். கிடை அச்சைச் சுழியத்தில் தொடங்கினால் 20.5, 30.5 எல்லாம் சின்னக் கோடுகளுக்கு நடுவில் விழுந்து கண்ணை வருத்தும். அதற்குப் பதில் தடித்த கோடுகளுக்கே 10.5, 20.5, 30.5 என்று பெயர் எழுதிவிடலாம். எல்லாப் புள்ளியும் தடித்த கோட்டின் மேலேயே உட்காரும். ஆனால் அச்சு சுழியத்திலிருந்து தொடங்கவில்லை என்பதைக் காட்ட ஆரம்பத்தில் ஒரு முறிவுக்குறி போடவேண்டும். படிக்கும்போதும் 50.5-இலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். 50-இலிருந்து எண்ணினால் விடையில் அரை மதிப்பெண் போய்விடும்.

இப்போது இடைநிலை. 80-இல் பாதி 40. செங்குத்து அச்சில் 40-ஐக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலப்பக்கம் கிடையாகப் போய் வளைவைத் தொட்டு, தொட்ட இடத்திலிருந்து நேர் கீழே இறங்கினால் 55.5. வாய்பாட்டில் சரிபார்த்தாலும் அதுவே வரும்:

```
l + ((N/2 − m) / f) × c
50.5 + ((40 − 30) / 20) × 10 = 55.5
```

புள்ளிகளை நடுப்புள்ளியில் வைத்தவருக்கு இதே இடத்தில் 50.5 கிடைத்திருக்கும். கையால் வரைந்த வளைவில் 55, 56 என்று வந்தால் கவலை வேண்டாம். 50 வந்தால் மட்டும் திரும்பிப் போய்ப் புள்ளிகளைப் பாருங்கள்.

(N+1)/2 எடுக்க வேண்டாமா என்ற சந்தேகம் பலருக்கும் வரும். மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தால் அது வேண்டும். வளைவில் மாணவர்களைத் தனித்தனி ஆட்களாகப் பார்ப்பதில்லை, பிரிவு முழுக்கச் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்கிறோம். அதனால் N/2 போதும். 40.5 எடுத்தாலும் விடை 55.75-தான், பென்சில் கோட்டின் தடிப்புக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

நூற்றுமானத்துக்கும் இதே வழிதான், நடுவில் ஒரு படி கூடுதல். 60-ஆம் நூற்றுமானம் கேட்டால் 60-ஐ நேராகச் செங்குத்து அச்சில் தேடக்கூடாது. அந்த அச்சில் இருப்பது ஆட்களின் எண்ணிக்கை, விழுக்காடு அல்ல. 80-இல் 60 விழுக்காடு 48, ஆகவே 48-இலிருந்து போக வேண்டும். விடை 59.5. அவசரத்தில் 60-இலிருந்தே போனவருக்கு 67 வரும். 80 பேரில் 60-ஆம் ஆள் என்பது முக்கால் பங்கு, அதாவது அவர் மூன்றாம் கால்மானத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதற்கு 60-ஆம் நூற்றுமானம் என்று பெயர் வைத்திருக்கிறார். 90-ஆம் நூற்றுமானம் என்றால் அச்சு 80-இலேயே முடிந்துவிடுவதால் தவறு உடனே பிடிபடும். 60, 75 போன்றவைதான் சத்தமில்லாமல் ஏமாற்றும். மூன்று நான்கு நூற்றுமானம் சேர்த்துக் கேட்டிருந்தால், தாளின் வலப்பக்கம் இன்னொரு செங்குத்துக் கோடு போட்டு, 8 பேருக்கு ஒரு முறை (நம் அளவுத்திட்டத்தில் 1.6 செ.மீ.) 10, 20, 30 என்று 100 வரை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்தே படிக்கலாம். முதல் கால்மானம் 20 பேருக்கு நேராக ஏறத்தாழ 43.4, மூன்றாவது 60 பேருக்கு நேராக 67.2, 90-ஆம் நூற்றுமானம் 72 பேருக்கு நேராக 78.3.

கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். 35 எடுத்தால் தேர்ச்சி, எத்தனை பேர் தேறவில்லை? இப்போது மதிப்பெண் தெரியும், ஆள் தெரியாது. அதனால் கிடை அச்சிலிருந்து மேலே ஏறி இடப்பக்கம் திரும்ப வேண்டும். 35 எடுத்தவர் தேறியவர் என்பதால் 34.5-இலிருந்து ஏறுகிறோம். 10.6 வருகிறது, ஆக 11 பேர் என்று எழுதலாம். இந்த இடத்தில் 35-இலிருந்து ஏறியிருந்தாலும் 11-தான் கிடைத்திருக்கும். வளைவு செங்குத்தாக எழும் இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. ‘60-உம் அதற்கு மேலும் எடுத்தவர்கள்’ என்றால் 59.5-இல் படித்து 48, மீதி 32 பேர். ‘60-க்கு மேல் எடுத்தவர்கள்’ என்றால் 60.5-இல் படித்து 50, மீதி 30 பேர். வினாவில் ஓர் ‘உம்’ இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு பேர் வித்தியாசம். 80-இலிருந்து கழிக்க மறந்து 48 என்றே எழுதிவிட்டு வருபவர்கள் தனிக்கதை.

விழுக்காட்டையும் நூற்றுமானத்தையும் குழப்பிக்கொள்வது பெற்றோர்களிடமும் உண்டு, ஜேஇஇ மெயின் முடிவு வரும் நாட்களில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். அந்தத் தேர்வில் ஒருவருடைய மதிப்பெண்ணும் அதற்குக் குறைவும் எடுத்தவர்களின் எண்ணிக்கையை, அதே அமர்வில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து 100-ஆல் பெருக்கிப் போடுகிறார்கள். நம் 80 பேரில் 68 எடுத்த ஒருவருக்கு அதே கணக்கைப் போடலாம். ‘68-உம் அதற்குக் கீழும்’ என்பதால் 68.5-இலிருந்து ஏறினால் 62 பேர். 62-ஐ 80-ஆல் வகுத்தால் 77.5. அவர் எடுத்தது 68 விழுக்காடு, நிற்பது 77.5-இல். முதலிடம் பிடித்தவர் 92 எடுத்தாலும் இந்தக் கணக்கில் அவருக்கு 100 வரும். அங்கே ஒவ்வொருவர் மதிப்பெண்ணும் கையில் இருப்பதால் ஏழு தசம இடம்வரை போகிறார்கள். பிரிவுகளாகத் தொகுத்த நம் வளைவில் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கமே அதிகம்.

எந்த அளவு நம்பலாம் என்பதை வளைவின் சரிவே சொல்லிவிடும். 51–60 பிரிவில் 10 மதிப்பெண்ணுக்குள் 20 பேர் நெருங்கி நிற்கிறார்கள், வளைவு செங்குத்தாக ஏறுகிறது. அங்கே உயரத்தில் ஓர் ஆள் தவறினாலும் மதிப்பெண் அரைதான் மாறும். அதனால் இடைநிலை உறுதியாகக் கிடைக்கிறது. 81–90 பிரிவில் அதே 10 மதிப்பெண்ணில் 4 பேர்தான், வளைவு படுத்துக்கிடக்கிறது. ஓர் ஆள் தவறினால் 2.5 மதிப்பெண் போகும். கடைசிப் பிரிவில் 5. ஆகவே 95-ஆம் நூற்றுமானம் 85.5 என்று படித்தால் அது ஏறத்தாழச் சொன்ன எண்தான். வளைவு 100.5-இல் முடிவதால் யாரோ 100 எடுத்திருக்கிறார் என்றும் பொருளில்லை. 91–100 பிரிவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வளைவுக்குத் தெரியும்.

சரிபார்க்க நேரமிருந்தால் ‘விட அதிகமான’ வளைவையும் அதே தாளில் வரையுங்கள். அதற்குக் கீழ் எல்லைகள் வேண்டும்: 10.5-இல் 80, 20.5-இல் 78, 30.5-இல் 73, பிறகு 64, 50, 30, 15, 6, 2, கடைசியாக 100.5-இல் 0. இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து இறங்கினால் இடைநிலை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வெட்டும் இடத்தின் உயரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே மதிப்பெண்ணில் கீழே இருப்பவர்களும் மேலே இருப்பவர்களும் சமம் என்றால் அந்த உயரம் 40 ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வளைவையும் நடுப்புள்ளிகளில் வரைந்து பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் ஐந்து ஐந்து நகர்வதால் இந்தத் தரவில் வெட்டுமிடம் 55.5-க்கு நேராகவே விழும், இடைநிலை சரியாக வந்ததுபோல் இருக்கும். ஆனால் உயரம் 50-க்குப் போயிருக்கும். கீழே இறங்கிப் படிக்கும் முன் ஒரு கோட்டை இடப்பக்கமும் இழுத்துவிட்டால் அந்தப் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.