பணகுடித் தோப்புப் படம்

அக்டோபர் 6
நானும் பயலும் டெண்டு போடப்போகும் தோப்பை அண்ணாச்சி எடுத்து அனுப்பிய படத்தை இன்றும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் புளி, ஓரத்தில் ஒற்றைப் பனை, தூரத்தில் காற்றாலைகள். தரை சமமாகத்தான் தெரிகிறது. நம்பப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 7
பயலுக்குக் காய்ச்சல் இல்லை. இட்லி ரெண்டு சாப்பிட்டான்.

அக்டோபர் 9
போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருக்கிறார். அந்தப் பனை நேராக நிற்கும் மரம், படத்தில் சாய்ந்து கிடக்கிறது. பனை நிமிரும்வரை படத்தைத் திருப்பினேன். தரை சரிந்துவிட்டது. பனைக்குக் குறுக்கே மட்டம் வைத்து ஸ்கேலால் அளந்தால், 12 செ.மீ. போவதற்குள் 1 செ.மீ. இறங்குகிறது. டெண்டு 7 அடி நீளம். அப்படியானால் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் 7 அங்குலம் வித்தியாசம். மேட்டில் தலைவைத்தால் தூங்கிவிடலாம். சரிவுக்குக் குறுக்கே படுத்தால் ராத்திரி முழுக்க நான் அவன்மேல் உருண்டுகொண்டே இருப்பேன். அவன் வலதுபக்கம் அமுங்கவே கூடாது.

ஆனால் இது இடமிருந்து வலம் போகிற சரிவு மட்டும்தான். எடுத்தவரைப் பார்த்து இறங்கும் சரிவு படத்தில் தெரியாது. பக்கவாட்டில் நின்று இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்லணும்.

அக்டோபர் 10
அண்ணாச்சி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 12
காற்றாலை இறக்கைகள் எல்லாம் மலையைப் பார்த்து நிற்கின்றன. காற்று வரும் திசைக்குத்தான் அவை முகம் காட்டும். வாசலைக் கிழக்கே வைக்கலாம் என்று நிம்மதியாகப் படுத்தேன். ராத்திரி 2 மணிக்கு உறைத்தது, படம் ஆடியில் எடுத்தது. நாங்கள் போவது ஐப்பசியில். அப்போது வாடை, வடகிழக்கிலிருந்து. அந்த வாசலுக்குள் மழை நேராக அடித்திருக்கும். தாழ்ந்த முதுகுப்பக்கம் வடகிழக்கே, வாசல் தென்மேற்கே. இடிமழைக் காற்று எந்தப் பக்கமும் திரும்பும், அதனால் நாலு மூலைக் கயிறும் கட்டியாகணும்.

அக்டோபர் 15
இரண்டாவது படம் வந்தது. நடுவில் சமமாக இருக்கும் இடத்தில் வெளுத்த மணல் கோடு. கற்களின் மேட்டுப்பக்கம் சருகும் புளியிலையும் வில் மாதிரி ஒதுங்கியிருக்கின்றன. அது தண்ணீர் வரும் பாதை. நான் ஆசைப்பட்ட இடமே அதுதான். கிழக்கே ஐந்தாறு எட்டில் ஒரு மேடு இருக்கிறது, சரிவோடு. அங்கேதான். அடியில் விரிக்கும் தார்ப்பாயை டெண்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழையைப் பிடித்து அடியில் தேக்கிவிடும்.

அக்டோபர் 17
மேட்டுக்கு நேர் மேலே ஒரு கிளையில் மட்டும் இலை இல்லை. புளி ஆடியில் மொட்டையாக நிற்காது. பட்ட கிளை.

"அது பத்து வருசமா அப்படித்தான் நிக்கி தம்பி" என்றார் அண்ணாச்சி. ஈரம் ஏறினால் கனக்கும், காற்றும் சேர்ந்தால்? கிளையின் நுனியையும் தாண்டி, எட்டு எட்டு தள்ளி. பனையடியும் வேண்டாம், மட்டை விழும். இடி கேட்டால் டெண்டே வேண்டாம், மோட்டார் ரூம்.

அக்டோபர் 18
நடந்தான். தெருமுக்கு வரை.

அக்டோபர் 20
மதியம் மேற்கே இடி. காய்ச்சல் 100. பையை அவிழ்க்கவில்லை.