மூன்று மானிட்டரும் ஒரே நிறம் காட்டணும்: ஐடிக்கு நான் எழுதிய இரண்டு மெயில்கள்

எங்கள் ஸ்டூடியோவில் மூன்று டிசைனர்கள். வேலை பெரும்பாலும் மசாலா, மாவு, எண்ணெய் பாக்கெட் டிசைன். போன வருடம் ஒரு மஞ்சள் தூள் பாக்கெட். முதல் டிசைனர் தன் திரையில் பார்த்து, மஞ்சள் கொஞ்சம் பச்சை அடிக்கிறது என்று மெஜந்தாவைக் கூட்டினார். அடுத்த நாள் 500 கிராம் சைஸுக்கு அதே ஃபைலைத் திறந்தவர், இது ஆரஞ்சாக இருக்கிறதே என்று குறைத்தார். 100 கிராமும் 500 கிராமும் பிரஸ்ஸிலிருந்து இரண்டு மஞ்சளாக வந்தன. கிளையன்ட் இரண்டு பாக்கெட்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அன்றே ஐடிக்கு மெயில் போட்டேன். சாராம்சம் ஒரே வரிதான்: டிசைனர்களுக்கு கலர் துல்லியமான நல்ல மானிட்டர் மூன்று வேண்டும். மறுநாள் பதில் வந்தது. இப்போது இருப்பவையும் ஐபிஎஸ் பேனல்தான், ஸ்பெக் ஷீட்டில் எஸ்ஆர்ஜிபி 99% என்று இருக்கிறது, என்ன குறை என்று சொன்னால் பார்க்கிறோம். கோபம் வந்தது. ஆனால் நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது சரி. 99% என்பது அந்தப் பேனலால் எவ்வளவு நிறம் காட்ட முடியும் என்பதற்கான கணக்கு. அந்த நிறத்தைச் சரியாகக் காட்டுகிறதா, பக்கத்துத் திரையும் அதையே காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி என் மெயிலில் இல்லவே இல்லை.

போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அது வீண். போன் கேமரா வெள்ளையைத் தானாகவே சரிசெய்துகொள்ளும், வித்தியாசம் பாதி மறைந்துவிடும். தெரிந்த போட்டோகிராஃபர் ஒருவரிடம் கலரிமீட்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். திரைமேல் தொங்கவிட்டு அளக்கும் சின்னக் கருவிதான். மூன்று மானிட்டரையும் அரை மணி நேரம் சூடாகவிட்டு அளந்தேன். வெள்ளை நிறம் ஒன்றில் 7400 கெல்வின், அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை. இன்னொன்றில் 6600, மூன்றாவதில் 6100. வெளிச்சம் 260, 190, 310 நிட்ஸ். இரண்டாவது மெயில் இந்த ஆறு எண்களில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே இரண்டு பாக்கெட் கதை, மறுபடி அச்சடித்த செலவு. அதற்குப் பிறகுதான் என்ன வேண்டும் என்பதே வந்தது.

அதில் அதிக நேரம் எடுத்தது 'மேட்ச்' என்ற சொல்லை விளக்குவதுதான். கலர் வித்தியாசத்தை டெல்டா ஈ என்று அளப்பார்கள். 1 என்றால் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், 4 என்றால் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு மானிட்டரும் 2-க்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் முதலில் எழுதியிருந்தேன். அனுப்பும் முன் மூத்த டிசைனரிடம் காட்டினேன். "அக்கா, ஒண்ணு சிவப்புப் பக்கம் 2 தள்ளி இருக்கு, இன்னொண்ணு பச்சைப் பக்கம் 2 தள்ளி இருக்குன்னா? ரெண்டும் பாஸ். ஆனா நடுவுல 4 இருக்கே" என்றார். அப்படியே அனுப்பிவிட்டிருந்தால் மறுபடி அதே மஞ்சள் கதைதான். எனவே இன்னொரு நிபந்தனை சேர்த்தேன்: மூன்றையும் ஒரே இலக்குக்கு (6500 கெல்வின் வெள்ளை, 120 நிட்ஸ், காமா 2.2) அளந்து திருத்தியபின், அதாவது காலிபரேட் செய்தபின், எந்த இரண்டை எடுத்தாலும் வெள்ளையிலும் சரி, நடுச் சாம்பலிலும் சரி, அந்த இரண்டு திரைகளுக்கும் இடையே வித்தியாசம் 2-க்கு மேல் போகக்கூடாது.

மெயில் பர்ச்சேஸுக்குப் போனதும் அங்கிருந்து ஒரு யோசனை வந்தது. சீனியருக்கு மட்டும் நல்ல மானிட்டர், மற்ற இருவருக்கும் பாதி விலையில் வேறு மாடல், எப்படியும் காலிபரேட் செய்யப்போகிறீர்களே. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பின்விளக்கு வேறு ரகமாக இருந்தால், மீட்டர் இரண்டையும் ஒன்று என்று சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. வெள்ளையை உண்டாக்கும் ஒளிக் கலவை இரண்டிலும் வேறு. மீட்டர் சராசரிக் கண் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுகிறது, நம் கண்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஒருவர் ஒன்றாகத்தான் இருக்கிறது என்பார், பக்கத்தில் இருப்பவர் இல்லை, இது இளஞ்சிவப்பு என்பார். இதை எழுதி, மூன்றும் ஒரே மாடல், ஒரே ஆர்டரில் வர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றேன். விலை சாதாரண ஆபீஸ் மானிட்டரைப்போல மூன்று மடங்கு. ஒப்புதலுக்கு ஐந்து வாரம் ஆனது.

ஐடிக்காரர் நேரில் வந்து கேட்டது வேறு. "மேடம், கலர் ப்ரொஃபைல் போட்டாப் போதாதா, அதுக்கு எதுக்கு இந்த ரகம்?" எங்கள் பழைய அனுபவம் அதற்குப் பதில். ப்ரொஃபைல் என்பது அந்த மானிட்டர் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் ஃபைல். அதோடு வரும் திருத்தத்தை விண்டோஸ்தான் கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்ற வேண்டும். டாக்கைக் கழற்றி மாட்டினாலோ, அப்டேட்டுக்குப் பிறகோ சில நேரம் அது ஏறாமலே கிடக்கும், யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்ட ரகத்தில் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும், எந்த மெஷினை மாட்டினாலும் வெள்ளையும் சாம்பலும் நகராது. ப்ரொஃபைல் அப்போதும் வேண்டும், ஃபோட்டோஷாப் அதைப் படித்துத்தான் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. கூடவே மூன்று சிறு விஷயங்களை அவரிடமே ஒப்படைத்தேன்: காலிபரேஷன் சாஃப்ட்வேரை அட்மின் உரிமையோடு அவர் நிறுவித் தருவது, அந்த மூன்று மெஷினில் இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை நிறுத்துவது, ஒரு மீட்டர் வாங்குவது. மீட்டரைப் பட்டியலிலிருந்து வெட்டப் பார்த்தார்கள். அது இல்லாமல் நான் எழுதிய நிபந்தனையைச் சரிபார்க்கவே முடியாதே!

பெட்டிகள் வந்த அன்று ஐடிக்காரரையும் உட்காரவைத்து அளந்தோம். காலிபரேட் செய்தபின் முதல் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப்போல ஒத்துப்போயின. மூன்றாவதும் நடுவில் சரி. ஆனால் திரை முழுக்கச் சாம்பலை வைத்து ஒன்பது இடங்களில் அளந்தபோது, கீழ் வலது மூலை நடுப்பகுதியைவிட 18% மங்கல், லேசாகச் சிவப்பு வேறு. மெயிலில் 10% வரைதான் ஏற்போம் என்று எழுதியிருந்ததால் வாக்குவாதமே இல்லை. அளவு அறிக்கையை இணைத்து சப்ளையருக்குத் திருப்பினார்கள், பதினொரு நாளில் மாற்று வந்தது. அந்த வரி இல்லாதிருந்தால், "டெட் பிக்ஸல் எதுவும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று சப்ளையர் அதையே நம்மிடம் திருப்பி அனுப்பியிருப்பார்.

இப்போது மாதம் ஒருமுறை, முதல் திங்கள் காலை, மூன்றையும் அளக்கிறோம். ஐடியின் சொத்துப் பட்டியலில் மூன்றுக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது: ஒன்று பழுதானால் கையிருப்பில் உள்ள எதையாவது வைக்காதே, இதே மாடல்தான். திரையும் அச்சும் இன்னும் ஒன்றாகத் தெரிவதில்லை. அச்சு மாதிரியான ப்ரூஃபைப் பிடித்துப் பார்ப்பது ஆபீஸ் ட்யூப்லைட்டின் கீழே, அதற்கு 5000 கெல்வின் விளக்குப் பெட்டி வேண்டும். அதற்கான மெயில் டிராஃப்டில் இருக்கிறது, இந்த முறை ட்யூப்லைட் வெளிச்சத்தை முதலிலேயே அளந்து வைத்துவிட்டேன்.