சர்வீஸ் முடிஞ்சும் ஸ்பேனர் லைட் போகலையா? நான் ரீசெட் பண்ண விதம்

வண்டி சர்வீஸ் முடிஞ்சு வந்தாச்சு, இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாத்தியாச்சு, ஆனா மறுநாள் சாவியத் திருப்புனா மீட்டர்ல ஸ்பேனர் படம் மின்னுது, கூடவே -430 னு ஒரு நம்பர். கொஞ்ச செகண்ட்ல நம்பர் மறைஞ்சு ஓடோமீட்டர் வந்துடுச்சு, ஸ்பேனர் மட்டும் போகல. மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "ஒண்ணுமில்ல சார், ரீசெட் பண்ண விட்டுப்போச்சு, இந்தப் பக்கம் வந்தா பண்ணித் தரேன்"னார். இதுக்காக யாரு மறுபடி போறது, நானே பாத்துக்கலாம்னு வண்டியோட புக்க எடுத்தேன்.

அதுக்குள்ள நண்பன் ஒருத்தன் ஓபிடி ஸ்கேனர் கொண்டுவந்து மாட்டிப் பாத்தான். ஃபால்ட் கோடு, அதாவது கோளாறச் சொல்ற நம்பர், எதுவும் இல்ல. இருந்தாலும் கிளியர்னு அழுத்துனான், ஸ்பேனர் அசையவே இல்ல. அசையாது, ஏன்னா அந்த லைட்டுக்கும் இன்ஜின் சென்சாருக்கும் சம்பந்தமே கிடையாது. கடைசியா ரீசெட் பண்ணதுலேர்ந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாசம் ஆச்சுன்னு எண்ணிக்கிட்டு இருக்குற வெறும் கவுன்ட்டர் அது. நீங்க ஆயில் மாத்துனது அதுக்குத் தெரியவே தெரியாது. மைனஸ் 430ன்னா சர்வீஸ் தேதி தாண்டி 430 கிலோமீட்டர் ஓடிருக்கு, அவ்ளோதான். சாதாரண ஸ்கேனர் ஃபால்ட் கோடத்தான் அழிக்கும், இந்தக் கவுன்ட்டரத் தொடாது. (சில விலை கூடின ஸ்கேனர்ல இதுக்குன்னு தனி மெனு இருக்கும்.)

ஆனா ஒண்ணு, ஸ்பேனர்னா எல்லா வண்டிலயும் சர்வீஸ்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. ஹோண்டால ஸ்பேனர் வந்தா சர்வீஸ் நேரம், ஃபோர்டுல அதே மாதிரி படம் வந்தா இன்ஜின் கியர் பக்கம் கோளாறு. அதனால புக்ல உங்க வண்டிக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு கைய வைங்க.

என் வண்டிக்கு புக்ல இருந்தது இதுதான். இக்னிஷன் ஆஃப். ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ற பட்டன அழுத்திப் பிடிச்சுக்கணும், பிடிச்சபடியே இக்னிஷன் ஆன் பண்ணணும், இன்ஜின ஸ்டார்ட் பண்ணக் கூடாது. டிஸ்ப்ளே கீழ எண்ணிக்கிட்டே வரும், =0 னு வந்ததும் பட்டன விட்டா ஸ்பேனர் போயிடும். இதுல ஆர்டர்தான் முக்கியம், இக்னிஷன் ஆன் பண்ணதுக்கு அப்புறம் பட்டன அழுத்துனா ட்ரிப் மீட்டர் மட்டும் ஜீரோ ஆகும், சர்வீஸ் கணக்கு அப்படியே இருக்கும், பல பேரு "எனக்கு வேலை செய்யல"ன்னு சொல்றது இதனாலதான். பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா பிரேக்ல கால் வைக்காம அழுத்தணும், அதுலயும் சில வண்டில முதல் அழுத்துக்கு பாட்டு கேக்குற ஆக்சசரி மோடுதான் வரும், மீட்டர் லைட் எல்லாம் எரியுற வரைக்கும் இன்னொரு தடவை அழுத்தணும். புது வண்டிகள்ல இதெல்லாம் இல்லாம ஸ்க்ரீன் மெனுக்குள்ளயே ரீசெட் இருக்கும்.

முடிஞ்சதும் பேட்டரியக் கழட்டுற வேலை ஏதாவது இருந்தா உடனே கழட்டாதீங்க, வண்டியப் பூட்டிட்டு அஞ்சு நிமிஷமாவது விடணும், இல்லன்னா ரீசெட் பதிவாகாதுன்னு புக்லயே போட்டிருக்கு. நான் பூட்டிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஆன் பண்ணிப் பாத்தேன், மைனஸ் போய் அடுத்த சர்வீஸுக்கான முழு கிலோமீட்டரும் காட்டுச்சு. ஸ்பேனர் வர்றதுக்கு முன்னாடியே சர்வீஸ் பண்ணாலும் இத செய்யணும், இல்லன்னா பழைய கணக்குப்படி தப்பான நேரத்துல வந்து நிக்கும்.

ஃபால்ட் லைட்டு வேற ஜாதி. இன்ஜின் வடிவ மஞ்சள் லைட் சாவி போட்டதும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும், அணையலன்னா கோடு பதிவாகியிருக்கு. ஓட்டும்போது அது மின்னுச்சுன்னா மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுத்துடும், வேகத்தக் குறைச்சு ஓரங்கட்டுங்க. சிவப்புல எண்ணெய்க் குவளை படம் வந்தா ஆயில் பிரஷர், இன்ஜின அங்கேயே ஆஃப் பண்ணிடணும், அத ஸ்பேனரோட சேத்துக் குழப்பிக்காதீங்க.

அதே நண்பன் வண்டில ஸ்பேனரும் இன்ஜின் லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது. சர்வீஸ் ரீசெட் பண்ணோம், ஸ்பேனர் போச்சு, இன்ஜின் லைட் போகல. ஸ்கேனர்ல P0455, அதாவது பெட்ரோல் ஆவி வெளிய போறமாதிரி எங்கயோ பெரிய லீக். பாத்தா டேங்க் மூடி சரியா லாக் ஆகாம லூசா இருந்துது. கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் திருகிட்டு, கோட அழிக்காம வேணும்னே விட்டோம், ஏன்னா வண்டியே அந்த டெஸ்ட்ட மறுபடி ஓட்டிப் பாத்து தொடர்ந்து பாஸ் ஆனா லைட்ட தானா அணைச்சுக்கும். கொஞ்ச நாள் ஓட்டுனதும் அப்படியே அணைஞ்சுடுச்சு.